ஐம்பத்தேழு கிலோ

பட்டு தண்ணீர் குடிக்கும். ஐப்பசி மழையில் சாயப்பட்டறைக்கு வருகிற பட்டு நூல் கற்றை, நாங்கள் கழி என்போம், சித்திரையில் வருகிற அதே கழியைவிடக் கனமாக இருக்கும். வெயிலில் உலர்த்தினால் எடை இறங்கும். காற்றில் ஈரம் ஏறினால் எடையும் ஏறும். ஏறினாலும் இறங்கினாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. சாயக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வருஷத்தில் நான் படித்த படிப்பு இவ்வளவுதான். இதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மனிதன் மேல் பரீட்சை பார்த்தேன். அவன் என் மனைவியின் தம்பி.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தாலீம்கானா இருந்தது. ஓலைக் கொட்டகை, நடுவில் செம்மண் கொட்டிய கோதா, மூலையில் கர்லாக்கட்டைகள். நானும் மச்சானும் அங்கேதான் குஸ்தி பழகினோம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. முழங்கால் போய் நான் கோதாவை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மச்சானுக்கு இருபத்திரண்டு. பகலில் தறியில் உட்காருவான், சாயங்காலம் கோதாவில் இறங்குவான். பிடியில் கெட்டிக்காரன். எதிராளியின் காலை வாரினால் எங்கே வாரினான் என்று பார்க்கிறவனுக்கே தெரியாது.

அந்த வருஷம் பங்குனியில் ஜில்லாப் போட்டியை எங்கள் ஊரிலேயே வைத்தார்கள். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஜெயிக்கிறவன் மாநிலப் போட்டிக்குப் போவான். மாநிலத்தில் ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் போலீஸில் ஆள் எடுக்கும்போது கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று பேச்சு. அது வெறும் பேச்சும் இல்லை, எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படிச் சேர்ந்திருந்தார்கள். மச்சானுக்குப் பெண் பேசி வைத்திருந்த இடத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் வைகாசியிலேயே முகூர்த்தம் என்று சொல்லியிருந்தார்கள். உத்தியோகம் இல்லாவிட்டால் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாததே பதில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மச்சான் உடம்பு அறுபத்திரண்டரை கிலோ. அரை கிலோ குறைத்தால் அறுபத்திரண்டு கிலோப் பிரிவில் நிற்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் மூன்று வருஷமாக ஜெயித்து வந்த ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவர் கழுத்தே என் தொடை கனம். அதற்குக் கீழே இருந்தது ஐம்பத்தேழு கிலோப் பிரிவு. அதில் பெரிய ஆள் யாரும் இல்லை.

"ஐம்பத்தேழுல எறங்குடா மச்சான்" என்றேன். போட்டிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

"அஞ்சரை கிலோ மாமா. கையை வெட்டிக் குடுக்கறதா?"

"தண்ணிடா. ஒடம்புல முக்காவாசி தண்ணிதான். எடை பாக்கற வரிக்கும் தண்ணியை எறக்கு, எடை பாத்ததும் குடி. பட்டு மாதிரி திரும்ப ஏறிக்கும்."

நான் ஒரு காலத்தில் இதே மாதிரி மூன்று கிலோ இறக்கிச் சின்னப் பிரிவில் நின்று ஜெயித்திருந்தேன். அன்றைக்குத் தலை சுற்றியதும், கெண்டைக்கால் இழுத்ததும், இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததும் எனக்கு மறந்துபோயிருந்தது. கப் மட்டும் அலமாரியில் இருந்தது. செத்துப்போகாமல் தப்பித்ததை நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சை அவன் நம்பியதற்கு அந்தக் கப்தான் காரணம். தாலீம்கானாச் செயலாளர், "மாமன் சொல்றதைக் கேளுப்பா, அனுபவஸ்தன்" என்று முதுகில் தட்டினார். அவருக்குச் சுவரில் மாட்ட இன்னொரு போட்டோ வேண்டும்.

முதல் ஏழு நாள் சோற்றைக் குறைத்தோம். இரண்டு கிலோ இறங்கியது. கன்னம் ஒட்டினாலும் தெம்பாகத்தான் இருந்தான். அதோடு நிறுத்தியிருந்தால் அறுபத்திரண்டில் நிம்மதியாக நின்றிருக்கலாம். எனக்கு எங்கே நிறுத்தத் தெரிந்தது? மீதி மூன்றரை கிலோவுக்குத் தண்ணீரைப் பிடித்தேன். ஐந்து நாள் இருக்கும்போது உப்பை நிறுத்தினேன். மூன்று நாள் இருக்கும்போது தண்ணீரை நிறுத்தினேன். வாய் வறண்டால் நனைத்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. புளி உருண்டையை வாயில் ஒதுக்கி, ஊறுகிற எச்சிலைத் தகர டப்பாவில் துப்பச் சொன்னேன். விளக்கெண்ணெய் கொடுத்தேன். தபால்காரரிடம் இரவல் வாங்கிய மழைக்கோட்டைப் போட்டு, அதன் மேல் கம்பளியைச் சுற்றி, உச்சி வெயிலில் செவிலிமேடு வரை ஓடவிட்டுப் பாலாற்று மணலில் சுற்றவைத்தேன். நான் சைக்கிளில் பின்னால் போனேன். என் சைக்கிளில் தண்ணீர்ப் புட்டி இருந்தது, எனக்காக.

எங்கள் தாலீம்கானாவுக்கு வாரம் மூன்று நாள் பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒருத்தன் பழக வருவான். ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். அவனும் அறுபது, அறுபத்தொன்று இருந்தவன், ஐம்பத்தேழுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தான். தை மாசத்திலேயே ஆரம்பித்துவிட்டான். தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுவான். வாரத்துக்கு அரை கிலோ, சில வாரம் அதுவும் இல்லை. கேழ்வரகுக் களி, கீரை, முட்டை, மோர் என்று மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே இறங்கினான். வறுத்தது, பொரித்தது, இனிப்பு எதையும் தொடவில்லை. கோதாவிலிருந்து எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பான். நாங்கள் சிரிப்போம்.

"இவன் கல்யாணப் பொண்ணு மாதிரி இளைக்கறான்பா" என்றேன் ஒரு நாள். கூடமே சிரித்தது. மச்சானும் சிரித்தான், உதடு வெடித்து ரத்தம் வந்தது.

தண்ணீரை நிறுத்திய இரண்டாவது நாள் மத்தியானம். மச்சான் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் உள்ளே போயிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சுக் குழறியது. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போனான், டிகாஷன் நிறத்தில்.

"அக்கா, ஒரு முழுங்கு தண்ணி குடுக்கா."

என் மனைவி பானையிலிருந்து சொம்பில் மொண்டுகொண்டு வந்தாள். நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன்.

"இன்னா பண்றே நீ? ரெண்டு நாள் பட்ட பாடு வீணாப் பூடும்."

"அவன் மூஞ்சியப் பாருங்க. பொணம் மாதிரி இருக்குது."

"ஒனக்குக் குஸ்தியப் பத்தி இன்னா தெரியும்?"

சொம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓடிச் சாக்கடை வழியாகப் போகிற வரைக்கும் பார்த்தான். என் மனைவி வெறும் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போட்டி இரண்டு நாள். அந்தக் காலத்தில் இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். முதல் நாள் எடை தாண்டினால் போதாது, மறுநாளும் தாண்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை.

முதல் நாள் காலை பள்ளிக்கூட மைதானத்தில் எடை பார்த்தார்கள். மச்சான் ஐம்பத்தேழே கால். தலையை மழித்தோம், கோவணத்தை அவிழ்த்தோம், மூலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் எச்சில் துப்பினான். ஐம்பத்தேழு. செயலாளர் கை தட்டினார். எங்களுக்கு முன்னால் நின்ற தாமல்காரன் ஐம்பத்தாறரை காட்டினான். வரிசையில் நிற்கும்போதே இளநீர் குடித்துக்கொண்டிருந்தவன் அவன்.

தராசைவிட்டு இறங்கியதும் மச்சான் ஒரு குடம் குடிக்கிற வேகத்தில் குடித்தான். பாதியை வாந்தி எடுத்தான். கஞ்சி கொடுத்தேன், அதுவும் நிற்கவில்லை. மூன்று மணி நேரத்தில் குஸ்தி. ஐந்து நாளாக உறிஞ்சியெடுத்ததை மூன்று மணி நேரத்தில் எந்த உடம்பு திருப்பி வாங்கும்? கெண்டைக்கால் இரண்டு தடவை முறுக்கிக்கொண்டது. அவனுடைய அந்தக் கெட்டிக்காரப் பிடி எதுவும் வரவில்லை, கை நழுவியது. எதிராளி நேற்றுப் பழக வந்தவன் என்பதால் ஒரு புள்ளியில் தப்பித்தான். ஜெயித்ததாக அறிவித்தபோது நடுவர் தூக்கிய கையைத் திரும்ப இறக்க அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் தாமல்காரனோடு குஸ்தி. அதில் ஜெயித்தால் பிரிவே மச்சானுடையது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மச்சான் ஐம்பத்தெட்டே முக்கால் இருந்தான். எட்டு மணிக்கு எடை. எப்படி இறக்குவது என்று எனக்குச் சட்டென்று தோன்றியது. பட்டறையில் அன்றைக்கு அரக்குச் சாயம். இரண்டு கொப்பரையும் கொதித்துக்கொண்டிருந்தன. கூரை தாழ்ந்த கொட்டகை, கதவைச் சாத்தினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு ஆவி. இரண்டு கொப்பரைக்கும் நடுவில் முக்காலி போட்டு, மழைக்கோட்டும் கம்பளியுமாக அவனை உட்காரவைத்தேன். அரிசி மண்டியிலிருந்து ஒரு மேடைத் தராசை இரவல் வாங்கிப் பட்டறை வாசலில் வைத்திருந்தேன். குஸ்தி நடக்கிற எந்த ஊரிலும் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் வியர்வை கொட்டியது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றான். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். ஒரு மணி நேரம் போயிருக்கும், கம்பளிக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், கழுத்து காய்ந்திருந்தது. கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வியர்க்கவில்லை. தண்ணீரெல்லாம் வந்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமா, குளிருது" என்றான்.

கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். அப்புறம் அவன் வலது கையும் இடது கையும் மாறி மாறி அசைந்தன. தறியில் நாடா வீசுகிறான் என்று பிறகுதான் புரிந்தது. "பாவு அறுந்துக்கினே இருக்குதுக்கா" என்றான். அக்கா அங்கே இல்லை.

அப்போதாவது தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. கையைப் பிடித்து வெளியே நடத்திவந்து, கம்பளியையும் கோட்டையும் உருவிவிட்டு, தராசில் நிறுத்தினேன். ஒரு நொடி தானாக நின்றான். முள் சமத்துக்கு வந்தது. ஐம்பத்தேழு.

"சபாஷ்டா மச்சான்" என்றேன். என் வாயிலிருந்து அவன் காதில் விழுந்த கடைசி நல்ல வார்த்தை அதுதான். தராசிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

சைக்கிள் ரிக்ஷாவில் போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். தொட்டதும் அவர் முகம் மாறியது. தரையிலேயே படுக்கவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஐஸ் கொண்டுவரச் சொன்னார், விசிறச் சொன்னார், கையில் பாட்டில் ஏற்றினார். கொஞ்சம் அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பி, நடந்ததையெல்லாம் கேட்டு வாங்கினார்.

"வியர்க்கிறது நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"கால் மணி இருக்கும்மா. அது நல்லதுன்னு நெனச்சேன்."

"வியர்வை காத்துல காஞ்சாத்தான் உடம்பு ஆறும். ஆவிக்குள்ள கம்பளியைச் சுத்தி உட்காரவெச்சா அது எங்க காயும்? உள்ளே தண்ணியும் இல்ல. ரத்தம் சுண்டிப்போய், சூடு தலைக்கு ஏறி, தசையெல்லாம் கரைஞ்சு கிட்னியில அடைச்சிருக்கு. அந்த மூத்திர நிறத்தைப் பார்த்துமா உனக்குத் தோணல?"

பட்டைப் பற்றி நான் ஏதோ உளறினேன் போலிருக்கிறது. அவர் முழுதும் கேட்கவில்லை.

"அறுபத்திரண்டுலயே விட்டிருக்கலாமே?"

"அங்க ஒரு போலீஸ்காரர் இருந்தாரும்மா. ஜெயிக்க முடியாது."

"தோத்திருப்பான். அவ்வளவுதானே?"

காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அன்று சாயங்காலமே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நினைவு திரும்பியது. சூடு இறங்கிவிட்டது, பேசினான், அக்காவை அடையாளம் கண்டுகொண்டான். பிழைத்தான் என்று நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டேன். ஆனால் சிறுநீர் வரவில்லை. வந்த கொஞ்சமும் கறுப்பாக வந்தது. கிட்னி செய்கிற வேலைக்குப் பதிலாக வயிற்றில் குழாய் விட்டு ரத்தத்தைக் கழுவினார்கள். கிட்னி வேலை செய்யாததால் உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை, நுரையீரலில் போய்த் தேங்கும் என்றார்கள். அதனால் தண்ணீருக்கு அளவு. நேற்று எவ்வளவு சிறுநீர் போனதோ அதற்கு மேல் இரண்டு தம்ளர், அதற்கு ஒரு சொட்டுக்கூட அதிகம் கூடாது. அளந்து கொடுக்கிற வேலையை நர்ஸம்மா என் மனைவியிடம் ஒப்படைத்தார்.

"அக்கா, ஒரு முழுங்குக்கா."

"இப்ப தானேடா குடுத்தேன். இன்னும் ரெண்டு மணி நேரம் போவட்டும்."

இதைத்தான் அவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசினார்கள். நனைத்த பஞ்சால் அவன் உதட்டைத் துடைப்பாள், அவன் அந்தப் பஞ்சைப் பல்லால் கடித்துக்கொண்டு விடமாட்டான். நான் மூன்று நாள் அவனுக்குத் தண்ணீர் மறுத்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவளை மறுக்கவைத்தேன். பத்தாம் நாள் விடிந்தபோது அளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் தாமல்காரன் ஜெயித்திருந்தான். மச்சான் வராததால் அவனுக்குக் குஸ்தியே போடாமல் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து வாசலில் நின்றான்.

"எனக்கு ரெண்டரை மாசம் புடிச்சுதுண்ணா நாலு கிலோ எறக்க. பன்னெண்டு நாள்ல எப்படி எறக்குவீங்கன்னு ஒரு நாள் கேக்கலாம்னு இருந்தேன். நீங்கல்லாம் சிரிச்சிக்கினு இருந்தீங்க, அதான் கேக்கல" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

செயலாளர் மச்சானின் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டுத் தாலீம்கானாச் சுவரில் மாட்டினார். அவருக்கு வேண்டிய போட்டோ கிடைத்துவிட்டது. "விதி" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கும் விதி தேவையாக இருந்தது.

பிறகு சில வருஷம் ஜில்லாப் போட்டிகளில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். வருகிறவனின் புறங்கைத் தோலைக் கிள்ளி, நிமிண்டியபடியே நிற்கிறதா என்று பார்ப்பேன். நாக்கை நீட்டச் சொல்வேன். காலையில் போன சிறுநீர் என்ன நிறம் என்று கேட்பேன். ஒரு மாதம் முன்பே எடை எழுதிக்கொடுக்கச் சொல்லி, கடைசி இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறக்கியவனை மேல் பிரிவுக்குப் போ என்பேன். அதிகாரம் எதுவும் எனக்குக் கிடையாது, கத்துவேன், அவ்வளவுதான். மூத்திரம் பார்க்கிறவன் என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த நிர்வாகம், "பசங்க பயப்படறாங்கப்பா, நீ வராதே" என்று நிறுத்திவிட்டது. அந்தத் தாலீம்கானாப் பையன்களில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடியவர்களை அதற்குப் பிறகும் பார்த்தேன்.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகள் பெற்றோம், அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம். இன்றைக்கும் வேளைக்குச் சோறு போடுகிறாள், எனக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைக்கிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போடுகிறாள். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டும் வைக்க மாட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொம்பு நீட்டுவாள், என்னைத் தாண்டிப் போவாள். இது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று சாப்பிட உட்கார்ந்து, பழக்கத்தில் வலது பக்கம் கையை நீட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள்.

எழுந்து போய் நானே மொண்டு குடித்தேன். இன்றுவரை அப்படித்தான் குடிக்கிறேன்.